பாதி நுழைந்த கண்ணாடி: மின்தேக்கியை எந்தப் பக்கமாக வெட்டுவது?

தகடுகளுக்கு நடுவே ஒரு மின்காப்புப் பலகையைப் பாதிதூரம் நுழைத்துவிட்டு மின்தேக்குத்திறனைக் கேட்கும் கணக்கு பிளஸ் டூ வகுப்பில் வருடந்தோறும் வரும். பலகை தகட்டிடைவெளி முழுவதையும் அடைத்திருந்தால் சிக்கலில்லை. பலகை இடைவெளியைவிட மெல்லியதாகவும், நீளத்தில் பாதி மட்டும் உள்ளேயும் இருந்தால்தான் தொடரிணைப்பும் பக்க இணைப்பும் ஒன்றாகக் கலக்கின்றன. கடலூரில் எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் இதை இரண்டு விதமாகப் போட்டு இரண்டு விடைகளோடு வருவார்கள். "சார், ரெண்டுமே சரியாத்தானே தெரியுது, ஏன் வேற வேற விடை வருது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. இதற்குச் சூத்திரத்தைத் திரும்பச் சொல்வது பதிலாகாது.

எண்களோடு பார்ப்போம். 20 செ.மீ. சதுர அலுமினியத் தகடுகள் இரண்டு, இடைவெளி 4 மி.மீ. காலியாக இருக்கும்போது மின்தேக்குத்திறன் 88.5 பிகோஃபாரட். இதில் 3 மி.மீ. தடிமனுள்ள ஜன்னல் கண்ணாடி கீழ்த்தகட்டின் மேல் படுத்தபடி 10 செ.மீ. உள்ளே வந்திருக்கிறது. கண்ணாடியின் மேல் 1 மி.மீ. காற்று மிச்சம். சாதாரணக் கண்ணாடியின் மின்காப்பு மாறிலி 6 முதல் 8 வரை இருக்கும். கணக்கு எளிதாக 6 என்று வைப்போம்.

முதல் வழி, கண்ணாடியின் விளிம்பில் மேலிருந்து கீழாக வெட்டுவது. ஒரு பாதி முழுக்கக் காற்று: 44.25 பிகோஃபாரட். மறு பாதியில் 1 மி.மீ. காற்றும் 3 மி.மீ. கண்ணாடியும் தொடராக உள்ளன. மாறிலி 6 என்பதால் கண்ணாடியின் 3 மி.மீ. தடிமன் காற்றில் அரை மில்லிமீட்டருக்குச் சமம். ஆக மொத்த இடைவெளி 1.5 மி.மீ., மின்தேக்குத்திறன் 118. இரண்டு பாதிகளும் பக்க இணைப்பு, மொத்தம் 162.25.

இரண்டாம் வழி, கண்ணாடியின் மேற்பரப்பு மட்டத்தில் குறுக்காக வெட்டுவது. மேலே முழுப் பரப்புக்கும் 1 மி.மீ. காற்று: 354. கீழே 3 மி.மீ. அடுக்கில் பாதி காற்று 59, பாதி கண்ணாடி 354. இவை பக்க இணைப்பில் 413. மேலதும் கீழதும் தொடராகச் சேர்ந்தால் 190.6.

வித்தியாசம் 28 பிகோஃபாரட்டுக்கும் மேல். இரண்டாம் வழியில் கூட்டல் கழித்தல் எதுவும் தப்பில்லை. தப்பு, வெட்டிய இடத்தில் இருக்கிறது. ஒரு மின்தேக்கியைக் குறுக்கே வெட்டித் தொடராகப் பிரிக்க வேண்டுமென்றால், வெட்டும் தளம் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு மெல்லிய உலோகத்தாளைச் செருகினாலும் எதுவும் மாறாது என்ற நிலை வேண்டும். இங்கே அது உண்மையா? மேல்தகட்டிலிருந்து 1 மி.மீ. இறங்கினால், காற்றுப் பாதியில் மொத்த மின்னழுத்தத்தில் கால் பங்கு குறைந்திருக்கும். கண்ணாடிப் பாதியிலோ அதே 1 மி.மீ. காற்று மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரே மட்டத்தில் இரண்டு வேறு மின்னழுத்தங்கள். அந்தத் தளத்தை ஒரே முனையாகக் கருதுவதற்கு இடமே இல்லை.

முதல் வழியில் அப்படி எதையும் நாம் திணிக்கவில்லை. மின்புலக் கோடுகள் நேராக மேலிருந்து கீழே போகின்றன, வெட்டுக்கோட்டைத் தாண்டுவதில்லை என்பது மட்டுமே அங்கே உள்ள ஊகம். கண்ணாடி விளிம்பின் அருகே, ஏறக்குறைய தகட்டிடைவெளி அளவுக்கு, அதுவும் பிசகும். 200 மி.மீ. தகட்டில் அந்தச் சில மில்லிமீட்டர்கள் பெரிதல்ல. உண்மையான மதிப்பு 162-க்குச் சற்று மேலே இருக்கும். 190-க்கு அருகில் போகாது.

இதைச் சொல்வதைவிடக் காட்டுவதே நல்லது. சமையலறை அலுமினியத் தாளை 10 செ.மீ. அளவுக்கு வெட்டிக் கண்ணாடியின் மேற்பரப்பில் மட்டும் படியவைத்து அளந்தால் அளவு அசையாது. ஏனென்றால் அந்தப் பரப்பு ஏற்கெனவே சம மின்னழுத்தப் பரப்புதான். பிறகு தாளை நீட்டி, காற்றுப் பாதியிலும் அதே மட்டத்தில் இழுத்துப் பிடித்தால் அளவு சட்டென்று ஏறும். இரண்டாம் வழியின் விடை பொருந்துவது இந்த அமைப்புக்குத்தான். தாள் தொய்யாமல் இருக்க, தொலைவு முனையின் மூலைகளில் மேல்தகட்டைத் தாங்கும் 4 மி.மீ. மின்காப்புத் துண்டுகளுக்குப் பதிலாக 3 மி.மீ. துண்டுகள், அவற்றின் மேல் தாள், அதன் மேல் 1 மி.மீ. துண்டுகள் என்று அடுக்க வேண்டும்.

இடைவெளித் துண்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி தகட்டின் அகலம் முழுவதும் இருப்பதால், அது நுழையும் பக்கத்தில் மூலைத்துண்டுகள் வழிமறிக்கும். அந்தப் பக்கத்தில் மட்டும் 4 மி.மீ. துண்டுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடியின் மேலேயே 1 மி.மீ. துண்டுகளை வைக்கலாம். துண்டுகள் அரை செ.மீ. சதுரத்துக்குள் இருந்தால் அவற்றின் பங்கு புறக்கணிக்கத்தக்கது. அதிகம் கவனிக்க வேண்டியது இந்த 1 மி.மீ. காற்றைத்தான். தகடு லேசாக வளைந்து இடைவெளி 0.1 மி.மீ. கூடினால் 118 என்பது 110.6 ஆகிவிடும். காற்றுப் பாதியிலோ அதே பிசகு இரண்டரை சதவீதத்துக்குள் முடிந்துவிடும்.

மீட்டர் காட்டும் எண்ணை நேராக 162-உடன் ஒப்பிடக் கூடாது. தகட்டோரத்தில் வெளியே வளையும் மின்புலம், காலித் தகடுகளுக்கே சுமார் 7 சதவீதம் கூட்டிவிடும். மீட்டரின் கம்பிகளும் சில பிகோஃபாரட் சேர்க்கும். காலியாக ஒரு முறை, கண்ணாடியோடு ஒரு முறை அளந்து, கூடுதலை மட்டும் பாருங்கள். இந்த இரண்டு பிழைகளும் பெரும்பாலும் கழிந்துபோகும். சரியான வழிப்படி கூடுதல் 73.75, தவறான வழிப்படி 102. மாறிலி 6-ஆ 7-ஆ என்ற சந்தேகம் இருந்தால், கண்ணாடியை முழுவதும் உள்ளே தள்ளி அளந்து அதிலிருந்தே மாறிலியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த மின்தேக்கியை வலைப்பின்னலில் சேர்க்கும்போது இன்னொரு பிழை வரும். இதோடு 88.5 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக இணைத்து 12 வோல்ட் கொடுத்திருக்கிறோம் என்று வைப்போம். கண்ணாடி நுழைவதற்கு முன் ஆளுக்கு 6 வோல்ட், மின்னூட்டம் 531 பிகோகூலும். கண்ணாடி நுழைந்ததும், "பேட்டரி இணைப்பில் இருக்கிறது, ஆகவே மின்னழுத்தம் மாறாது" என்று எழுதுவார்கள். பேட்டரி நிலையாக வைத்திருப்பது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே. இப்போது மொத்த மின்தேக்குத்திறன் 57.3, மின்னூட்டம் 687, கண்ணாடி நுழைந்த மின்தேக்கியில் 4.24 வோல்ட், மற்றதில் 7.76. மின்னழுத்தமும் மாறியது, மின்னூட்டமும் மாறியது.

அதே இடத்தில் மின்புலத்தையும் கணக்கிடச் சொல்வோம். முன்பு இடைவெளி எங்கும் மீட்டருக்கு 1,500 வோல்ட். இப்போது கண்ணாடியின் மேலுள்ள காற்றில் 2,820. தகடுகளின் மின்னழுத்தம் குறைந்திருந்தும், அந்த 1 மி.மீ. காற்றில் மின்புலம் ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. உயர் மின்னழுத்தக் கருவிகளில் காப்புப் பலகைக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி விட்டால் முதலில் பொறி பறப்பது அங்கேதான்.

ஐப்பசி கார்த்திகை மழையில் கடலோரத்தில் இந்தச் சோதனை சொல்பேச்சு கேட்காது. உப்புக்காற்றில் நனைந்த கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று படிகிறது. அது விளிம்பு வழியாகக் கண்ணாடியின் மேற்பரப்பைக் கீழ்த்தகட்டோடு இணைத்துவிடும். முழுதாக இணைந்துவிட்டால் கண்ணாடியே இல்லாததுபோல், அந்தப் பாதி 1 மி.மீ. இடைவெளியுள்ள மின்தேக்கியாகி 177-ஐ நோக்கி ஏறும். இதைக் கண்டுபிடிக்க LCR மீட்டரில் 100 Hz-லும் 10 kHz-லும் அளக்க வேண்டும். குறைந்த அதிர்வெண்ணில் அளவு கணிசமாகக் கூடி, மின்னிழப்பைக் காட்டும் D மதிப்பும் உயர்ந்திருந்தால் ஈரம்தான் காரணம். கண்ணாடியை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, விளிம்புகளையும் விடாமல் துடைத்து, சூடான விளக்கின் கீழ் உலர்த்தி, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து நுழைத்தால் இரண்டு அதிர்வெண்களிலும் அளவுகள் நெருங்கி வரும்.