மெட்டு பிடித்திருந்தது, ஆனாலும் முதலில் மின்னஞ்சல்

போன வருடம் நான் வரி எழுதிய தனிப்பாடல் ஒன்று வெளியானது. காலையில் எழுந்ததும் போனில் கிரெடிட்ஸ் பக்கத்தைத் திறந்தேன். இசை, வரிகள், தயாரிப்பு என மூன்றிலும் இசையமைப்பாளர் பெயர்தான் இருந்தது. கேட்டதற்கு, "அப்லோட் பண்றப்போ அவசரத்துல விட்டுப்போச்சுங்க, மாத்திடறேன்" என்றார். கணக்கு அவருடையது, திருத்தமும் அவர்தான் போட முடியும். போட்டார், ஆறு வாரம் கழித்து. அதற்குள் பாட்டைப் பகிர வேண்டியவர்கள் பகிர்ந்து முடித்திருந்தார்கள்.

அதனால் இந்த முறை புதிய தம்பி ஒருவர் வாட்ஸப்பில் மெட்டு அனுப்பியபோது, பிடித்திருந்தும் பேனாவை எடுக்கவில்லை. போன் போட்டு, முதலில் எல்லாவற்றையும் பேசி எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அண்ணா, நமக்குள்ள எதுக்குண்ணா இதெல்லாம்?" என்றார். நமக்குள் இருப்பதால்தான் இப்போதே பேசிவிடலாம் என்றேன். இரண்டு நிமிடம் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் அவரே முந்தைய பாடலாசிரியரிடம் பட்டதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதினோரு முறை திருத்தம் கேட்டாராம், பன்னிரண்டாம் முறை அந்த ஆள் போனையே எடுக்கவில்லையாம்.

அதைக் கேட்ட பிறகுதான் திருத்தக் கணக்கு எனக்கு உறைத்தது. மெட்டு மாறாதவரை இரண்டு முறை மாற்றித் தருகிறேன், மெட்டே மாறினால் அது புது வேலை என்று பேசிக்கொண்டோம். மிக்ஸிங் செலவு அவருடையது, வீடியோ செலவு பாதிப் பாதி. வரியும் மெட்டும் சட்டப்படி தனித்தனிப் படைப்புகள் என்பதால், பாட்டு நடுவில் நின்றால் வரி என்னோடு, மெட்டு அவரோடு. வருமானம் செலவு போகச் சரிபாதி. இது பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்றிரவே மின்னஞ்சலாக எழுதி அனுப்பினேன், "சம்மதம்" என்று பதில் வந்தது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மின்னஞ்சல் யார் என்ன செய்தோம் என்பதற்கான நினைவுச் சீட்டுதான். உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதென்றால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, அவரவர் உரிமை அவரவரிடமே.

இதற்கெல்லாம் சோதனை வந்தது பாட்டுப் பதிவு அன்று. சரணத்தின் உச்சத்தில் நான்கு எண்ணிக்கைக்கு நீளும் ஒரு ஸ்வரம். அங்கே நான் "மௌனம்" என்று எழுதி வைத்திருந்தேன். பாடகி மூன்று டேக் பாடிப் பார்த்துவிட்டு, "சார், 'ம்'மில் வாய் மூடிடுது, எப்படி இழுக்கறது?" என்றார். நியாயம்தான், உச்சத்தில் திறந்த உயிரொலி வேண்டும். "மழையா" என்று வைத்துப் பாடலாமா என்று அவரே கேட்டார், பொருளும் கெடவில்லை. வைத்தோம். தேநீர் இடைவேளையில் அவருடன் வந்த நண்பர் சிரித்துக்கொண்டே, "அப்போ வரிகள்ல இவங்க பேரும் வருமா?" என்றார். விளையாட்டு மாதிரிதான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டார். நல்லவேளை, தம்பி பாடகியை அழைத்தபோதே அந்த மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்து அவருக்கும் அனுப்பியிருந்தோம்: பாடும்போது மாறும் சொற்களுக்குத் தனி கிரெடிட் கிடையாது, முழு வரியை ஒருவர் எழுதினால் உண்டு. பாடகி நண்பரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் ஸ்டுடியோ வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது நானும் அவரும் சண்டை போட்டிருப்போம்.

விட்டுப்போனதும் உண்டு. பாட்டில் முப்பது விநாடியை ஒரு துணிக்கடை விளம்பரத்துக்குக் கேட்டார்கள். தம்பி எனக்குச் சொல்லாமலே சரி என்றுவிட்டார், கெட்ட எண்ணமில்லை, மெட்டு மட்டும்தானே என்று நினைத்திருக்கிறார். அவர்கள் வெட்டிய துண்டில் என் பல்லவி முழுசாக இருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் பாட்டு வெளியாவது வரைதான், அதற்குப் பிறகு யார் அனுமதி தருவது என்று எங்குமே எழுதவில்லை. தம்பி பதறிப்போய் கடைக்காரரிடம் ஒரு வாரம் நிறுத்தி வைக்கச் சொன்னார். வெளியார் கேட்டால் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே சரி சொல்வது என்று இன்னொரு மின்னஞ்சல் போனது. பணம் ஆளுக்குப் பாதியாக வந்தது.

வெளியான அன்று காலை மறுபடியும் போனைத் திறந்தேன். வரிகள் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது, ஆங்கில எழுத்தில் ஒரு 'h' கூடுதலாக. மின்னஞ்சலில் என் பெயரைத் தமிழில் மட்டும் எழுதியிருந்தேன், படிவத்தில் தம்பி காதில் விழுந்தபடி அடித்திருக்கிறார். சொன்னேன், நான்கு நாளில் சரியானது. அடுத்தவருக்குப் போகும் மின்னஞ்சலில் முதல் வரியே என் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான்.