கையில நின்னது, கையைக் கடிச்சது

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆரம்பப் பள்ளியை ஊர்க் கமிட்டிதான் நடத்துகிறது. நான் வேலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருப்பதால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குமான பட்ஜெட் ஒப்பீட்டை என்னையே போடச் சொன்னார்கள். ஒரே தாளில் முடித்து, பொருளாளர் மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாமா லுங்கித் தறிக்காரர். நாற்பது வருஷம் நூல் கணக்கு பார்த்த கை.

மறுநாள் காலையிலேயே போன். "இன்னாப்பா, பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு சாதகம் எழுதிக் கீற?"

ஒரு பத்தியின் தலைப்பில் சாதகம் என்றும் பக்கத்தில் பாதகம் என்றும் போட்டிருந்தேன். மாமாவுக்கு ராசிக்கட்டம் ஞாபகம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது, தப்பு என் மேல்தான்.

எக்செலில் எல்லா வரிக்கும் ஒரே கழித்தல் போட்டிருந்தேன்: நடந்ததில் இருந்து பட்ஜெட் போக மீதி. நன்கொடை 60,000 எதிர்பார்த்தோம், வந்தது 52,000. அது மைனஸ் 8,000. ஓடு மாற்ற 40,000 ஒதுக்கினோம், ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அதுவும் மைனஸ் 40,000. மாமா இரண்டு மைனஸ் மேலும் விரலை வைத்தார். "ரெண்டுக்கும் ஒரே கோடு போட்டுக் கீற. ஒண்ணு நல்லதுன்ற, ஒண்ணு கெட்டதுன்ற. படிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?"

வரவு கூடினால் நல்லது, செலவு கூடினால் கெட்டது. அதனால் 'கூடுதல், குறைவு' என்று தலைப்பு மாற்றினாலும் குழப்பம் தீராது. பட்ஜெட் B பத்தியிலும் நடந்தது C பத்தியிலும் இருந்தன. வரவு வரிகளுக்கு =C2-B2 என்றே விட்டு, செலவு வரிகளில் =B5-C5 என்று திருப்பிப் போட்டேன். இனி எந்த வரியில் பிளஸ் வந்தாலும் நல்லது. தலைப்பை மாமாவே வைத்தார்: 'கையில நின்னது', 'கையைக் கடிச்சது'.

அடுத்தது நோட்டுப் புத்தகம். 120 பிள்ளைகளுக்குத் தலைக்கு 150 வீதம் 18,000 வைத்திருந்தோம். ஆனது 20,300. கடித்தது 2,300. வாங்கியவர் மாமாதான், அவருக்கு முகம் சுண்டிப்போனது. "நான் பேரம் பேசித்தான் வாங்கினேன்" என்றார். உண்மைதான். பிள்ளைகள் 140 ஆகிவிட்டார்கள், விலை 145. கூடுதலாக வந்த 20 பேருக்குப் பழைய விலையில் 3,000 கடித்தது. விலையில் 5 ரூபாய் குறைந்ததால் 140 செட்டுக்கு 700 கையில் நின்றது. இரண்டையும் கழித்தால் அதே 2,300.

அதற்குமேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆர்டர் ஏறினா நூல் ஜாஸ்தி ஓடும். அது நஷ்டமா? அதே லுங்கிக்கு நூல் வெல ஏறினாத்தான் கடி" என்றார் மாமா. இந்தப் பாடத்தை நான் படித்த காலத்தில் இப்படி ஒருத்தர் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நன்கொடைக் குறைவுக்கும் அவரிடம்தான் பதில் இருந்தது. பெங்களூரில் வேலை செய்கிற பையன்கள் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதுதான் பணம் கொடுப்பார்கள். நானோ வருஷத்துக்கான 1,20,000-ஐச் சரிபாதியாக வெட்டி 60,000 என்று வைத்துவிட்டேன். இங்கே பட்ஜெட்டைப் பிரித்த விதமே கோணல். தை மாசம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துத்தான் 8,000 குறைவா இல்லையா என்று சொல்ல முடியும்.

ஓடுதான் பெரிய சிக்கல். மே லீவில் ஓடு மாற்றுகிற ஆள் வரவில்லை, வேலை அப்படியே நிற்கிறது. மழைக்கு முன்னால் செய்தே ஆகவேண்டும். ஆனால் தாளின் அடியில், 40,000-இல் 8,000-உம் 2,300-உம் போக 29,700 நல்ல பக்கம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குள் தலைவர் காதுக்குப் போய், மைக் செட் வாங்கலாம் என்ற பேச்சே கிளம்பிவிட்டது.

அந்த வரியை மொத்தத்தில் சேர்க்காமல் எடுத்து, தனியாக 'இன்னும் ஆகாத செலவு' என்று கீழே எழுதினோம். அதை எடுத்ததும் மொத்தம் 10,300 கடித்த பக்கம் போய்விட்டது. செப்டம்பர் கரண்ட் பில் இன்னும் வரவில்லை என்று மாமா ஞாபகப்படுத்தினார். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருகிற பில், அதையும் அங்கேயே சேர்த்தோம். இவ்வளவுக்குப் பிறகும் தாள் ஒரே பக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் மைக் செட் பேச்சை எடுத்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நெசமா மிச்சம் புடிச்சது நோட்டுல 700 ரூபா. அதுக்கு மைக்கு வந்தா வாங்கிக்கலாம்."