புத்தகத்தில் இருந்த 40.6 மீட்டர் துணி

கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்திக் கணக்கை எஸ்.ஏ.பி. என்ற கணினி மென்பொருளில் பதிவது என் வேலை. ஒரு காலை துணி ஸ்டோரில் இருந்து அழைப்பு வந்தது. அடுத்த ஓர்டருக்கு 40.6 மீட்டர் இருப்பதாகத் திரை காட்டுகிறது, ராக்கையில் ஒரு துண்டும் இல்லை என்றார்கள்.

முந்தைய ஓர்டரை எடுத்துப் பார்த்தேன். 600 சட்டை, ஒன்றுக்கு 1.4 மீட்டர். வெட்டுமேசைக்கு 840 மீட்டரும் போய்விட்டது. நான் உற்பத்தியைப் பதியும் CO11N திரையில் நல்ல சட்டைக்கான Yield என்ற இடத்தில் 571 போட்டு, கழிவுக்கான Scrap இடத்தை வெறுமையாக விட்டு, இறுதிப் பதிவு என்று முடித்திருந்தேன். எங்கள் இடத்தில் துணி அந்தப் பதிவோடுதான் தானாகக் கழியும். கழியும் அளவு நல்லதையும் கழிவையும் கூட்டித்தான் வரும். கழிவு சுழியமானதால் 799.4 மீட்டர் மட்டும் கழிந்தது. இறுதிப் பதிவு மிச்ச ஒதுக்கீட்டையும் விடுவித்துவிட, இல்லாத துணி அடுத்த ஓர்டருக்குப் போய்விட்டது.

29 சட்டை எங்கே? லைனுக்குப் போனேன். சூப்பர்வைசர் அக்கா முதலில் பேசவில்லை. அப்புறம் மேசைக்குக் கீழிருந்து ஒரு பெட்டியை இழுத்தார்.

"தங்கச்சி, டமேஜ் எழுதினா எங்கட லைனுக்குத்தான் பேச்சு விழும். அதான் நல்லதை மட்டும் எழுதித் தந்தனான்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழிவு எழுதுபவரைத் திட்டினால் கழிவு குறையாது, பெட்டிக்குள் போகும்.

பெட்டியில் 18 இருந்தன. மீதி 11 திருத்த மேசையில் கிடந்தன. அவற்றைக் கழிவில் சேர்க்கக் கூடாது, திருத்தி முடியும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் 8 தேறின, 3 தேறவில்லை. ஆக 579 நல்லது, 21 கழிவு. சட்டைகள் இன்னும் கொள்கலனில் ஏறவில்லை என்பதால் CO13-இல் பழைய பதிவை ரத்துச் செய்து திரும்பப் பதிந்தேன். துணி 840 மீட்டரும் கழிந்தது. ஏற்றுமதி முடிந்திருந்தால் ரத்துச் செய்வது இவ்வளவு எளிதாக இருந்திராது.

காரணக் குறியீடு போடுவதற்காக 21 சட்டைகளையும் அக்காவும் நானும் விரித்துப் பார்த்தோம். 13 சட்டைகளில் இடப்பக்கத் தையலோடு ஒரே இடத்தில் மிளகளவு எண்ணெய்ப் பொட்டு. பண்டில் சீட்டுகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே மெஷின், காலையில் முதலில் தைத்தவை. இரவு முழுக்க ஊசித்தண்டில் எண்ணெய் கசிந்து இறங்கியிருக்கிறது. மெக்கானிக் தம்பி கசிவை அடைத்தார். இப்போது அந்த மெஷினில் காலையில் முதலில் பழந்துணியில்தான் தைக்கிறார்கள்.

அக்கா தரும் தாளில் இப்போது மூன்று கட்டம்: நல்லது, திருத்தம், கழிவு. மூன்றும் சேர்ந்து வெட்டிய எண்ணிக்கைக்கு வராவிட்டால், நான் பகுதிப் பதிவாகவே வைத்துவிட்டு லைனுக்கு நடக்கிறேன்.