கால் பழையபடி வருமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வந்த அந்த அக்கா கால் கழுவாதவர் அல்ல. இடியப்பம் அவித்து விற்கிறவர், விடியுமுன்னே எழுந்து ஈரத் தரையில் நிற்பவர். இரவில் சுடுநீரில் உப்பும் கிருமிநாசினியும் கலந்து யானைக்கால் நோயால் வீங்கிய இடது காலைக் கழுவுவார். அப்படியும் திடீரென நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும். காய்ச்சல் விட்ட பிறகு வீக்கம் முன்பைவிடக் கொஞ்சம் கூடித்தான் நிற்கும்.

சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் விரித்துப் பார்த்தேன். வீக்கத்தில் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. உள்ளே தோல் வெள்ளையாக ஊறிப்போய், அடியில் நூல் போல ஒரு வெடிப்பு. சேற்றுப்புண். பக்டீரியா அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. யானைக்கால் புழு நிணநீர்க் குழாய்களைப் பழுதாக்கிவிட்ட காலில், உள்ளே போன கிருமியை உடம்பால் சட்டென்று விரட்ட முடிவதில்லை. புழு செத்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் இந்தக் காய்ச்சல் வருவது அதனால்தான்.

செய்து காட்டினேன். சுடுநீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும். தோல் மடிப்புகளுக்குள்ளும் விரலிடுக்கிலும் கையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும், பிரஷ் கூடாது. நுரை போகும் வரை அலச வேண்டும். மெல்லிய பருத்தித் துணியை இடுக்குக்குள் விட்டு ஒற்றி எடுக்க வேண்டும், அழுத்தித் துடைக்கக் கூடாது. காய்ந்த பிறகுதான் பங்கசுக் களிம்பு. அவர் செய்யாமல் விட்டது அந்தத் துவட்டல் ஒன்றைத்தான். குனிந்தால் கை அங்கே எட்டாது என்றார். சரி, உயரமான கதிரையில் இருந்துகொண்டு காலை இன்னொரு முக்காலியில் வையுங்கள், இல்லையென்றால் மருமகளைக் கூப்பிடுங்கள் என்றேன். மருமகளை எப்படிக் காலைத் தொடச் சொல்வது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் கேட்டார்: "இப்பிடிச் செய்தா கால் பழையபடி வருமா, மிஸ்?"

"பழையபடி வராது அக்கா. காய்ச்சல் வாறதைக் குறைக்கலாம். அது குறைஞ்சா வீக்கம் கூடாது."

"இந்த நோய் நாட்டிலயே இல்லையெண்டு சொல்றாங்களே. அப்ப என்ட காலுக்கு என்ன?"

இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிசெய்தது உண்மைதான். புதிதாகப் பரவுவது அந்தளவுக்குக் குறைந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள், ஏற்கனவே வீங்கிய கால்கள் வடிந்துவிட்டன என்பதல்ல. இதையும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை.

"கொஞ்சம் வடியும் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார் கூட வேலை செய்கிறவர். அதில் நியாயம் இருக்கிறது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்குக் கழுவி, காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துவந்தால் வீக்கம் வடிவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இவருக்குத் தோல் தடித்து மடிப்பு விழுந்துவிட்டது. வடியும் என்ற நம்பிக்கையில் கழுவத் தொடங்குகிறவர், சில மாதத்தில் வடியாததைப் பார்த்து நிறுத்திவிட்டால் காய்ச்சல் திரும்பி வரும். அதற்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சில மாதமாவது காய்ச்சல் இல்லாமல் போயிருக்குமே என்றும் தோன்றுகிறது. இரவில் இரண்டும் மாறி மாறி வரும்.

அப்புறம் ஒருநாள் வந்தார். விரலிடுக்கு உலர்ந்திருந்தது, வெடிப்பு மூடியிருந்தது. நான் சொன்னதால் இல்லையாம். நடுவில் ஒருமுறை காய்ச்சல் வந்து கிடந்தபோது, மருமகள் குளிர்ந்த ஈரத்துணியைக் காலில் போட்டுவிட்டாளாம், டொக்டர் எழுதித் தந்த அன்டிபயோட்டிக்கை நேரம் தவறாமல் கொடுத்தாளாம். வலி போன பிறகு அவளே தினமும் கழுவித் துவட்டத் தொடங்கிவிட்டாளாம். "உங்கள்ல கோவம்தான் மிஸ்" என்று சிரிக்காமலே சொன்னார். பிறகு, அன்று கேட்டதையே திரும்பவும் கேட்டார்.

அதே பதிலைத்தான் சொன்னேன். இந்தமுறை மருமகளும் பக்கத்தில் நின்றாள். "அப்ப களிம்பு முடிஞ்சா அதே தானா, வேற வாங்கணுமா?" என்று அவள் கேட்டாள். இடுக்கில் வெள்ளை ஊறல் தெரிந்தால் மட்டும் பூசினால் போதும், துவட்டுவதை மட்டும் ஒரு நாளும் விடாதே என்றேன்.