வெற்று எடையை அப்படியே நம்பலாமா? குப்பைக் கிடங்கு எடைமேடையில் ஓர் அனுபவம்

குப்பைக் கிடங்கு வாசலில் எடைமேடைப் பொறுப்பு என்னிடம் வந்தபோது, வழக்கமாக வரும் வண்டிகளின் வெற்று எடை, அதாவது காலி வண்டியின் எடை, ஏற்கெனவே கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. வண்டி மேடையில் ஏறும். மொத்த எடையைப் பதிவு செய்வோம். பட்டியலில் உள்ள வெற்று எடையைக் கணினியே கழித்து, நிகர எடையோடு சீட்டு அச்சடித்துவிடும். குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது வண்டி மறுபடி மேடை ஏற வேண்டியதில்லை. நெரிசலான வாசலில் இது பெரிய வசதிதான். ஆனால் என்றோ ஒரு நாள் எடுத்த எண்ணை நம்பித்தான் அதற்குப் பிறகு வரும் எல்லாச் சீட்டும் நிற்கிறது. அது எனக்கு உறுத்தியது.

அதனால் வெளியே போகும் வண்டிகளில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒன்றிரண்டை நிறுத்தி எடை பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலானவை பட்டியலுக்குப் பக்கத்திலேயே நின்றன. குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் வண்டி ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. உள்ளே வரும்போது அதன் மொத்த எடை 18,460 கிலோ. பட்டியலில் வெற்று எடை 9,840. எனவே சீட்டில் நிகர எடை 8,620 என்று விழுந்திருந்தது. காலியாகத் திரும்பியபோது மேடை காட்டியதோ 10,320. 480 கிலோ கூடுதல்.

இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது மேடையைத்தான். வண்டியை இறக்கிவிட்டுப் பார்த்தேன், எடையைக் காட்டும் கருவியான காட்டி பூஜ்யத்துக்கு வந்து நின்றது. மறுபடி ஏற்றி, மேடையின் நுழைவுப் பக்கம், நடு, வெளியேறும் பக்கம் என்று எல்லாச் சக்கரமும் மேடைக்குள் இருக்கும்படி நிறுத்திப் பார்த்தேன். மூன்று இடத்திலும் எடை ஒன்றுபோல் இருந்தது. மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட் செல் ஏதாவது ஒன்று பழுதாகியிருந்தாலோ, மேடைக்கும் சுற்றுச் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கல்லோ பிளாஸ்டிக்கோ சிக்கி மேடை இறுகியிருந்தாலோ, இந்த மூன்று எண்களும் பிரிந்துபோயிருக்கும். குப்பைக் கிடங்கில் அந்த இடைவெளி அடைபடுவது சாதாரணம். அதைத் தினமும் பார்த்துச் சுத்தம் செய்தாக வேண்டும்.

மேடை சரி என்றால், அந்த 480 கிலோ எங்கிருந்து வந்தது? டீசல் ஒரு லிட்டர் சுமார் 0.84 கிலோ. 200 லிட்டர் டேங்க் காலியாக இருப்பதற்கும் நிரம்பியிருப்பதற்கும் வித்தியாசம் 170 கிலோவைத் தாண்டாது. பட்டியலுக்கு எடை எடுத்தபோது இல்லாத உதவியாளர் ஒருவர் இப்போது வண்டியில் இருந்தால் ஓர் எழுபது கிலோ சேரும். இரண்டையும் கூட்டினாலும் 240தான். என் மேடை 10 கிலோ படியில் காட்டுவது. இந்த அளவு எடையில் பயன்பாட்டின்போது அதற்கு அனுமதிக்கப்படும் பிழை 20 கிலோ. மீதி வண்டிக்குள்தான் இருந்தாக வேண்டும்.

ஓட்டுநரிடம், "அண்ணே, பெட்டி முழுசா காலியாயிடுச்சான்னு ஒரு தடவை பார்த்துடுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. கொட்டும் இடத்துக்கே திரும்பிப் போய், குப்பையை வெளியே தள்ளும் தகட்டைக் கடைசிவரை நகர்த்திப் பார்த்திருக்கிறார். தகட்டின் முன்பக்கம் சுத்தமாக இருந்தது. பின்னால்தான் ஈரக் குப்பை இறுகிப்போய்க் கிடந்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்ட பிறகுதான் அதைக் கிளறி வெளியே எடுத்தார்கள். (தகடு நகரக்கூடிய நிலையில் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. அவசரத்தில் இதை மறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.) திரும்பி வந்தபோது 9,990 காட்டியது. அதாவது 330 கிலோ குப்பை தகட்டின் பின்னால் இருந்திருக்கிறது. மிச்சம் 150 கிலோ எப்படி என்று விசாரித்தபோது, பெட்டியின் அடித்தகடு அரித்துப்போய், கனமான புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தது தெரியவந்தது. பட்டறையில் செய்த வேலை வாசலுக்குச் சொல்லப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 330 கிலோ கிடங்கில் விழவே இல்லை என்பதுதான். உள்ளே வருகிறது, வெளியே போகிறது, அடுத்த நடையில் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் புதுக் குப்பையாகக் கணக்கில் ஏறுகிறது. புதுத் தகட்டின் எடையும் அதேபோல் ஒவ்வொரு சீட்டிலும் குப்பையாக விழுகிறது. அந்த நடையின் உண்மையான நிகர எடை, முதல் தடவை கொட்டிய அளவில் பார்த்தால், 8,140 கிலோதான். எடைக்குப் பணம் கட்டுகிறவருக்கு இது நேரடி நஷ்டம். கிடங்கு எவ்வளவு நிரம்பியது என்ற கணக்கும் சேர்ந்து கெடும்.

அந்த வண்டிக்கு 9,990 என்று மாற்றி, தேதியையும் காரணத்தையும் எழுதிவைத்தோம். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பெட்டியிலோ அடிச்சட்டத்திலோ வேலை நடந்த வண்டி முதல் தடவை வரும்போது கட்டாயம் இரண்டு முறை எடை. மற்ற வண்டிகளைச் சுழற்சியில் பார்ப்போம். எடை எடுக்கும்போது ஓட்டுநர் உள்ளே இருப்பாரா, இறங்குவாரா என்பதையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வரும்போது இரண்டு பேர், போகும்போது ஒருவர் என்றால் அந்த ஆளின் எடையும் குப்பையாகிவிடும்.

அப்படியானால் எல்லா வண்டியையும் இரண்டு முறை எடைபோட்டால் தொல்லை தீர்ந்துவிடுமா என்றால், பாதி தீரும். காட்டியில் சேறு காரணமாக 40 கிலோ கூடுதலாக நிற்கிறது என்று வையுங்கள். ஒரே மேடையில் இரண்டு எடையும் எடுத்து, அந்த 40 மாறாமல் இருந்தால், கழிக்கும்போது தானாக அடிபட்டுப் போகும். பட்டியல் எடையைக் கழிக்கும் முறையில் அது அப்படியே நிகர எடையில் ஏறிவிடும். ஆனால் மழைக்காலத்தில் சேறு ஒரே அளவாக நிற்பதில்லை. கொட்டும் இடத்திலிருந்து வரும் சக்கரங்கள் அதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டு மேடை ஏறும் சேறு வெற்று எடையைக் கூட்டி, நிகர எடையைக் குறைத்துக் காட்டும். எனவே சக்கரம் கழுவுமிடம் மேடைக்கு முன்னால் இருப்பதுதான் முறை. ஒவ்வொரு வண்டி இறங்கியதும் காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை ஏறச் சொல்வேன். பூஜ்யம் இல்லையென்றால், காலி மேடையைக் கண்ணால் பார்த்த பிறகே பூஜ்யம் வைக்கும் பொத்தானை அழுத்துவேன். மெல்லச் சேரும் சிறு மாற்றத்தைக் காட்டிக் கருவியே தானாகப் பூஜ்யமாக்கிக்கொள்ளும் வசதி உண்டு. அதனால் பூஜ்யம் காட்டுகிறது என்பதற்காக மேடை சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு சேற்றைக் கழுவும்போது எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அப்போது மறுபடி பூஜ்யம் வைக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு எடை குறைந்துபோகும்.

மற்ற பிழைகள் பெரும்பாலும் வெற்று எடையிலேயே பிடிபடும். வெளியே போகும் எடை அந்த வண்டியின் வழக்கமான அளவைவிட டன் கணக்கில் குறைந்திருந்தால், பெரும்பாலும் முன்சக்கரம் மேடையைத் தாண்டி நிற்கிறது என்று அர்த்தம். வண்டி எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறி, ஒரு வண்டியின் மொத்த எடையோடு இன்னொன்றின் வெற்று எடை சேர்ந்துவிடுவதும் உண்டு. அப்படி நடந்தால் மாலையில் முடியாத சீட்டு ஒன்று திறந்தே நிற்கும். அதனால் திறந்திருக்கும் சீட்டுகளைப் பார்க்காமல் நாள் கணக்கை முடிக்க மாட்டேன். தவறு தெரிந்தாலும் பழைய சீட்டின் மேல் எண்ணைத் திருத்துவதில்லை. அதை ரத்து செய்து, புதுச் சீட்டில் பழைய எண்ணையும் காரணத்தையும் குறித்து, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி இரண்டையும் சேர்த்தே கோப்பில் வைக்கிறோம்.