காபி டிகாக்‌ஷனை எங்கே, எப்படி அறிமுகம் செய்வது: செய்முறைத் தேர்வுக்கு ஒரு விடை

பெங்களூரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்பவர்களுக்குப் பழகிய கேள்வி இது: ஒரே அறிமுகச் செய்தியை லிங்க்ட்இன்னுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மாற்றி எழுது. பலர் நடையில் கை வைக்கிறார்கள். அங்கே விறைப்பு, இங்கே எமோஜி. இரண்டிலும் சேதி ஒன்றாகவே இருக்க, மதிப்பெண் போய்விடுகிறது. படிப்பவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நடை அதன் பின்னால் வரும்.

உதாரணத்துக்கு, புட்டியில் அடைத்த ஃபில்டர் காபி டிகாக்‌ஷன். 200 மில்லி, விலை 160 ரூபாய். டம்ளருக்கு 25 மில்லி வீதம் 8 டம்ளர். இந்த எண்களை விடைத்தாளின் மேலேயே எழுதி வையுங்கள். இரு பதிவுகளிலும் இவை மாறவே கூடாது. ஒன்றில் ‘8 டம்ளர்’, இன்னொன்றில் ‘10 டம்ளர்’ என்று வந்தால், இரண்டையும் பார்க்கும் வாடிக்கையாளர் எதையும் நம்பமாட்டார்.

லிங்க்ட்இன்னில் நம் வாசகர் ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பொறுப்பாளர். அவர் வாங்குவது நாற்பது பேருக்கு. பதிவின் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் திறக்காமலே தெரியும். ‘பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்’ என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகும். ‘மாலை 4 மணிக்கு 40 பேருக்குக் காபி: 5 புட்டி, 800 ரூபாய், மெஷின் வேண்டாம்’ என்று தொடங்குங்கள். பால், சர்க்கரைச் செலவு தனி என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்குப் பார்ப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார். முடிவில் ஒரே வேண்டுகோள்: மாதிரிப் புட்டிக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமில் வாங்குபவர் அல்சூரில் ஒரு வீட்டில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது நாளைக் காலைக் காபி. இங்கே சொல்வது படம்தான். எவர்சில்வர் டம்ளரில் டிகாக்‌ஷன் விழும் நொடியை 1080 x 1350 அளவில் நெடுக்காக எடுங்கள். புட்டியின் லேபிள் மட்டும் தெரியும் படம் விளம்பரத் தட்டி போலத் தோன்றும், விரல் தள்ளிவிடும். கேப்ஷனில் ஏறத்தாழ 125 எழுத்துக்குப் பிறகு மறைந்துவிடும். தமிழில் கொம்பும் புள்ளியும் தனியாக எண்ணப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: ‘காபி’ கண்ணுக்கு இரண்டு, கணக்குக்கு நான்கு. ஆகவே சுருக்கமாக: ‘ராத்திரி ஃபில்டர் போட வேண்டாம். 25 மில்லி டிகாக்‌ஷன், மேலே நுரைத்த பால். புட்டி 160 ரூபாய்.’

அதிகம் நடக்கும் பிழை, லிங்க்ட்இன் பதிவை இணைப்போடு அப்படியே ஒட்டுவது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் இணைப்பைத் தொட்டால் திறக்காது. அதைப் பயோவில் வைத்து, ‘பயோவில் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். ஸ்டோரியில் என்றால் லிங்க் ஸ்டிக்கர்.

‘எப்படிச் சரிபார்ப்பாய்’ என்ற துணைக்கேள்விக்கு விருப்பக்குறிகளை எண்ணி எழுதாதீர்கள். கமெண்ட்டைப் படியுங்கள். லிங்க்ட்இன்னில் ‘வாழ்த்துகள்’ மட்டும் குவிந்தால், பதிவு நிறுவனத்தைப் பற்றிப் பேசியிருக்கிறது, வாங்குபவரின் வேலையைப் பற்றிப் பேசவில்லை. இன்ஸ்டாகிராமில் ‘விலை என்ன, எங்கே கிடைக்கும்’ என்றே திரும்பத் திரும்பக் கேட்டால், படம் வேலை செய்துவிட்டது. கேப்ஷனின் முதல் வரியை மட்டும் திருத்தினால் போதும்.