படைக்கு வாங்கிய கூடாரமும் மறுமதிப்பீட்டில் மீண்ட கட்டுரையும்

சர்வதேசச் சட்டத் தாளின் மறுமதிப்பீட்டு முடிவு வந்துவிட்டது, வெட்டிய மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் முதல் முறை திருத்தியவர் ஓரத்தில் எழுதிய "இராணுவத் தேவை, ஆகவே விலக்குரிமை உண்டு" என்ற வரி இன்னும் உறுத்துகிறது. இதே கேள்வி வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கேள்வி இதுதான். ஒரு வெளிநாட்டின் பாதுகாப்பு அமைச்சகம் தன் படைக்குக் கூடாரங்கள் வாங்குகிறது. சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, விற்ற நிறுவனத்தின் நாட்டோடு உறவு முறிந்துவிட்டது என்று சொல்லி, பணம் தரக் கூடாது என அமைச்சரவை முடிவெடுக்கிறது. நிறுவனம் லண்டனில் வழக்குப் போடுகிறது. அந்த அரசு விலக்குரிமை கோர முடியுமா, அதாவது இன்னொரு நாட்டின் நீதிமன்றம் தன்னை விசாரிக்கக் கூடாது என்று சொல்ல முடியுமா?

எந்த வழக்கிலும் வெளிநாட்டு அரசைத் தொட முடியாது என்ற முழு விலக்குரிமையிலிருந்து, வணிகச் செயல்களுக்கு அது கிடையாது என்ற வரம்புக்குட்பட்ட விலக்குரிமைக்கு வந்த வரலாற்றை நான்கு வரியில் முடித்துவிட்டேன். 1952-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் டேட் கடிதம், 1978-இல் பிரிட்டனின் அரசு விலக்குரிமைச் சட்டம், அவ்வளவு போதும். பலர் இதற்கே இரண்டு பக்கம் செலவழித்துவிட்டுக் கேள்விக்குள் நுழையும்போது நேரம் முடிந்திருக்கும்.

சிக்கல் அடுத்த படியில்தான். எங்களிடையே சுற்றிய குறிப்பு, 'எதற்காக வாங்கினார்கள்' என்று பார்க்கச் சொன்னது. வரம்புக்குட்பட்ட அணுகுமுறை பார்ப்பது செயலின் தன்மையை. 1977-இன் டிரெண்டெக்ஸ் வழக்கில் சிமென்ட் வாங்கியது நைஜீரிய இராணுவக் குடியிருப்புகள் கட்டத்தான். விற்றவருக்குப் பணம் தருவதாக அதற்குத் தந்த கடனுறுதிக் கடிதத்தை மதிக்க மறுத்த நைஜீரிய மத்திய வங்கிக்கு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்குரிமை தரவில்லை. வாங்குவதும் விற்பதும் எந்த வியாபாரியும் செய்யக்கூடியவை. சரக்கு படைமுகாமுக்குப் போனால் அதன் தன்மை மாறிவிடாது.

1978 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 3(3) பிரிவு, பொருளோ சேவையோ வழங்கும் ஒப்பந்தம் எதுவானாலும் வணிகப் பரிவர்த்தனை என்கிறது. இறையாண்மை அதிகாரத்தைப் பயன்படுத்தியா செய்தார்கள் என்ற கேள்வி, அந்தப் பட்டியலின் கடைசி வகையான 'மற்றப் பரிவர்த்தனைகளுக்கு' மட்டும்தான். கூடாரம் முதல் வகையிலேயே அடங்கிவிடுகிறது. இந்த ஒரு பிரிவைக் காட்டியதுதான் மறுமதிப்பீட்டில் என்னைக் காப்பாற்றியது.

சரி, ஒப்பந்தம் வணிகம்தான். ஆனால் அதை முறித்தது அமைச்சரவையின் அரசியல் முடிவாயிற்றே? நல்ல விடையையும் சாதாரண விடையையும் பிரிக்கும் இடம் இதுதான். இங்கே 1981-இன் 'ஐ காங்ரேஸோ தெல் பார்ட்டிதோ' வழக்கைக் கொண்டு வர வேண்டும். 1973-இல் சிலியில் அயெந்தே அரசு கவிழ்ந்ததும், அங்கே சர்க்கரை ஏற்றிப்போன கப்பல்களைக் கியூபா திருப்பிவிட்டது. காரணம் அப்பட்டமாக அரசியல். ஆனால் பிளாயா லார்கா கப்பல் விஷயத்தில், கியூபா தன் சொந்தக் கப்பலின் உரிமையாளராக, எந்தக் கப்பல் உரிமையாளரும் செய்யக்கூடியதைத்தான் செய்தது என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முடிவுக்கு வந்தது. நோக்கம் அரசியலாக இருப்பதால் ஒப்பந்த மீறல் இறையாண்மைச் செயலாகிவிடாது. இன்னொரு கப்பலான மார்பிள் ஐலண்ட்ஸ் விஷயத்தில் நீதிபதிகளே பிளவுபட்டார்கள். ஆகவே எல்லை எப்போதும் தெளிவு என்று எழுதிவிடாதீர்கள். இந்த வழக்கின் நிகழ்வுகளுக்கு 1978 சட்டம் பொருந்தவில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டப்படி தீர்ந்தது என்பதையும் ஒரு வரி சேருங்கள். நம் கேள்வியில் அமைச்சரவை செய்தது, வாங்கிய சரக்குக்குப் பணம் தராதது மட்டும்தான். பணம் தராமல் இருக்க அரசாக இருக்க வேண்டியதில்லை.

அப்புறம் பலர் விட்டுவிடும் கடைசிப் பத்தி. வழக்கில் ஜெயித்தால் அரசின் சொத்தை ஜப்தி செய்துவிடலாமா? இங்கே நிலைமை தலைகீழ். வழக்கு விசாரணையில் நோக்கத்துக்கு இடமில்லை, ஆனால் ஜப்தியில் நோக்கம்தான் எல்லாம். 13(4) பிரிவின்படி வணிக நோக்கத்துக்குப் பயன்படும் சொத்தையே தொட முடியும். 1984-இன் அல்காம் வழக்கில், தூதரகத்தின் அன்றாடச் செலவுக்கான கொலம்பியாவின் வங்கிக் கணக்கில் கைவைக்க முடியவில்லை. சில வணிகச் செலவுகளும் அதே கணக்கிலிருந்து போகலாம் என்பது போதவில்லை. கூடாரம் விற்ற நிறுவனம் தீர்ப்போடு தூதரகக் கணக்கைத் தேடிப்போனால் வெறுங்கையோடு திரும்பும்.

கடைசியாக மறுமதிப்பீட்டுக்குப் போகிறவர்களுக்கு. விடைத்தாள் நகல் கேட்ட விண்ணப்பத்தை, ஒரு கையெழுத்து இல்லை என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும். கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். மனுவில் 'மதிப்பெண் குறைவு' என்று பொதுவாக எழுதாமல், திருத்தியவரின் வரியை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே 3(3) பிரிவின் வாசகத்தையும் டிரெண்டெக்ஸ் தீர்ப்பின் பத்தியையும் இணையுங்கள்.